தடைக்காலமும் எஸ்ஐபியும்: மொத்தமாகவா, மாதாமாதமா, விட்டுவிட்டா?

விசைப்படகு வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பணம் மாதச் சம்பளம் போல வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வரவு இல்லை என்பது மட்டுமல்ல. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும் அப்போதுதான் என்பதால் செலவு இரட்டிப்பாகும். தடை முடிந்து ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் இறால் பாடு நன்றாக இருந்தால் கையில் மொத்தமாகக் கொஞ்சம் நிற்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரே தொகையாக, ஐயாயிரம் என்று எஸ்ஐபி போடுவது சரிப்படுமா, அல்லது பாடு நன்றாக இருக்கும்போது மொத்தமாகப் போட்டுவிடுவதா என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் படகுக் கணக்கு எழுதுகிறவன் நான். ஃபண்டு விற்பவன் அல்ல. கணக்காகப் பார்த்தால் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்தில் ஒரு அக்கா. அவர் வீட்டுக்காரருக்கு ஒரு விசைப்படகில் பாதிப் பங்கு. ஜூலையில் கணக்கு முடித்தபோது 60,000 ரூபாய் மிஞ்சியது. பத்து வருடத்துக்குத் தேவைப்படாத பணம், மகளுக்காக. நிஃப்டி 50 என்ற பங்குச் சந்தைக் குறியீட்டோடு சேர்ந்தே ஏறி இறங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் போடுவது என்று அவரே முடிவு செய்துவிட்டார். மீதிக் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, எல்லாரும் எஸ்ஐபி போட்டா விலை சராசரியாகி நட்டமே வராதுங்கிறாங்க. நெசமா?"

அந்த 'சராசரி'யை முதலில் பார்த்துவிடுவோம். மீன் வாங்குவதை வைத்தே சொல்லலாம். ஒரு வாரம் பாறை மீன் கிலோ 500 ரூபாய், அடுத்த வாரம் 250. ஒவ்வொரு வாரமும் ஒரு கிலோ வாங்கினால் இரண்டு கிலோவுக்கு 750 ரூபாய், கிலோ 375. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வாரமும் 500 ரூபாய்க்கு என்று வாங்கினால் முதல் வாரம் ஒரு கிலோ, அடுத்த வாரம் இரண்டு கிலோ. மூன்று கிலோவுக்கு 1,000 ரூபாய், கிலோ 333. யாரும் விலையைக் கணிக்கவில்லை. அளவை நிலையாக வைக்காமல் பணத்தை நிலையாக வைத்ததால், விலை குறைந்த வாரத்தில் தானாகவே அதிகம் வாங்கினோம். எஸ்ஐபியின் சூட்சுமம் இவ்வளவுதான். விலை ஏறி இறங்கினால், உங்கள் வாங்கு விலை அந்த நாட்களின் விலைச் சராசரியைவிடக் கட்டாயம் குறைவாகத்தான் இருக்கும். இது கணித உண்மை, இதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் எவ்வளவு குறைவு? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே சொன்ன மீன் விலை ஒரே வாரத்தில் பாதியாகிவிட்டது. அதனால் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. சந்தை அப்படித் தினமும் பாதியாவதில்லை. உண்மையான ஆண்டை எடுத்துப் பார்ப்போம், அதுவும் ஆட்டம் கண்ட ஆண்டாக: 2020.

நிஃப்டி 50 குறியீட்டின் மாதக் கடைசி முடிவு எண்ணை எடுத்து 100-ஆல் வகுத்து, அதையே ஒரு யூனிட்டின் விலை, அதாவது என்ஏவி என்று வைத்துக்கொள்கிறேன். ஃபண்டின் செலவு, கம்பெனிகள் தரும் டிவிடெண்ட் இரண்டையும் விட்டுவிட்டேன். ஒப்பிடுவதற்கு இது போதும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 5,000 ரூபாய்.

| மாதம் (2020) | விலை (ரூ.) | கிடைத்த யூனிட் |
|---|---|---|
| ஜனவரி | 119.62 | 41.80 |
| பிப்ரவரி | 112.02 | 44.64 |
| மார்ச் | 85.98 | 58.15 |
| ஏப்ரல் | 98.60 | 50.71 |
| மே | 95.80 | 52.19 |
| ஜூன் | 103.02 | 48.53 |
| ஜூலை | 110.73 | 45.15 |
| ஆகஸ்ட் | 113.88 | 43.91 |
| செப்டம்பர் | 112.48 | 44.45 |
| அக்டோபர் | 116.42 | 42.95 |
| நவம்பர் | 129.69 | 38.55 |
| டிசம்பர் | 139.82 | 35.76 |

மொத்தம் 546.79 யூனிட். 60,000 ரூபாயை அதனால் வகுத்தால் நம் வாங்கு விலை 109.73. பன்னிரண்டு விலைகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 111.50. இரண்டுக்கும் வித்தியாசம் 1 ரூபாய் 77 காசு, நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். கொரோனா வந்து சந்தை குப்புற விழுந்து எழுந்த ஆண்டிலேயே சராசரியின் 'மாயம்' கொடுத்தது இவ்வளவுதான். அமைதியான ஆண்டில் அது இன்னும் சிறுத்துவிடும். 2023-இல் இதே கணக்கைப் போட்டால் விலைச் சராசரி 189.75, வாங்கு விலை 188.96. அரை சதவீதம்கூட வரவில்லை.

சரி, அப்படியானால் மொத்தமாகப் போட்டிருந்தால்?

2020 ஜனவரிக் கடைசியில் 60,000 ரூபாயையும் ஒரே நாளில் போட்டவருக்கு 501.59 யூனிட். டிசம்பர் 31 அன்று அதன் மதிப்பு 70,132 ரூபாய். மாதாமாதம் போட்டவருடையது 76,452. எஸ்ஐபிக்காரர் ஆறாயிரத்துச் சொச்சம் முன்னால் நிற்கிறார். 2023-இல் கதை தலைகீழ். ஜனவரிக் கடைசியில் விலை 176.62, டிசம்பர் கடைசியில் 217.31. மொத்தமாகப் போட்டவர் கையில் 73,823. மாதாமாதம் போட்டவர் கையில் 69,000 சுமார். இங்கே எஸ்ஐபிக்காரர் நாலாயிரத்து எண்ணூறு பின்னால். காரணம் எளிது. விலை ஏறிக்கொண்டே போகும் ஆண்டில் ஒவ்வொரு தவணையும் முந்தைய தவணையைவிட அதிக விலைக்கு வாங்குகிறது. சராசரி என்பது இறங்கும் பாதையில் நமக்கு உதவுகிற அளவுக்கு ஏறும் பாதையில் நம்மைப் பிடித்து இழுக்கும்.

இதில் எந்த ஆண்டு அடிக்கடி வரும்? 2016 முதல் 2024 வரை ஒன்பது ஆண்டுகளிலும் நிஃப்டி முந்தைய ஆண்டு முடிவைவிட மேலேதான் முடிந்தது. அதனால் பழைய எண்களை வைத்துப் பார்த்தால் மொத்தமாகப் போட்டவர் ஜெயித்த ஆண்டுகள்தான் அதிகம். ஆனால் 2007 கடைசியில் 6,138-இல் இருந்த அதே நிஃப்டி 2008 கடைசியில் 2,959-இல் நின்றது. 2008 ஜனவரித் தொடக்கத்தில் மொத்தமாகப் போட்டவர் பாதிக்கு மேல் காணாமல் போனதைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். இவை இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை: மொத்தமாகப் போடுவது பெரும்பாலும் கொஞ்சம் அதிகம் தரும், எப்போதாவது பயங்கரமாக அடிக்கும். எஸ்ஐபி அந்த அடியைக் குறைப்பதற்கு நாம் கட்டுகிற விலை.

'நட்டமே வராது' என்ற பேச்சுக்கும் இதே அட்டவணையில் பதில் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு விலைகளையும் உயரத்திலிருந்து தாழ்வுக்கு வரிசை மாற்றி அடுக்குங்கள், 139.82-இல் தொடங்கி 85.98-இல் முடியட்டும். வாங்கு விலை அதே 109.73 தான், ஒரு காசு மாறாது. ஆனால் கடைசி நாளில் கையில் இருப்பது 47,013 ரூபாய். பதின்மூவாயிரம் நட்டம். வாங்கு விலையை எஸ்ஐபி பார்த்துக்கொள்ளும். விற்கும் நாளின் விலையை அது பார்த்துக்கொள்ளாது. ஆப்பில் 'சராசரி விலை' என்று காட்டும் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதில் பயனில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்றைய என்ஏவியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, 'விழட்டும், அப்புறம் போடலாம்'. கடலோரத்தில் இதைச் சொல்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போகாமல் காத்திருந்தே பழகியவர்கள். ஆனால் சந்தையில் கூண்டு ஏற்றுவார் யாரும் இல்லை. 2023 ஜனவரியில் 176-இல் நின்றவர், நூற்றுக்குப் பதினைந்து இறங்கட்டும் என்று 150-க்குக் காத்திருந்தால், அந்த ஆண்டு முழுக்கக் காத்திருந்திருப்பார். பிப்ரவரிக் கடைசியில் 173 வந்ததுதான் அந்த ஆண்டின் மிகக் குறைந்த மாத முடிவு. 2020 மார்ச்சில் உண்மையிலேயே விழுந்தபோது, காத்திருந்தவர்களில் எத்தனை பேர் தைரியமாகப் பணத்தை எடுத்துப் போட்டார்கள்? எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவரும் இல்லை. காரணம் கோழைத்தனம் அல்ல. அந்த நாட்களில் கையில் பணமே இல்லை.

அதுதான் நம் பகுதிக்கு உரிய விஷயம். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு. அது தளர்வதற்குள் தடைக்காலம் வந்துவிட்டது. மார்ச் கடைசி, ஏப்ரல், மே மூன்று தவணைக்கும் வங்கிக் கணக்கில் பணம் இல்லாத ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மேலே உள்ள அட்டவணையில் அந்த மூன்று வரியை அடித்துவிடுங்கள். போனது 15,000 ரூபாய்த் தவணை. கூடவே போனது 161.05 யூனிட். மீதி 45,000 ரூபாய்க்கு 385.74 யூனிட், வாங்கு விலை 116.66. விலைச் சராசரியைவிடவும் அதிகம்! டிசம்பரில் மதிப்பு 53,934, லாபம் 8,934. விடாமல் கட்டியவருக்கு லாபம் 16,452. பன்னிரண்டில் மூன்று தவணை விட்டதில் லாபத்தில் பாதிக்குச் சற்றுக் குறைய காணாமல் போனது.

ஆக எஸ்ஐபியின் பலன் முழுக்க இந்த மூன்று வரியில்தான் உட்கார்ந்திருக்கிறது. எல்லா மாதமும் சமம் அல்ல. விலை விழும் சில மாதங்கள்தான் வாங்கு விலையைக் கீழே இழுக்கின்றன. அந்த மாதத்தில் தவணை போகாவிட்டால் நீங்கள் செய்வது சராசரி அல்ல, உயரத்தில் மட்டும் வாங்குவது. சம்பளக்காரருக்கு அந்த மாதங்களில் தடுப்பது பயம். படகு வைத்திருப்பவருக்குத் தடுப்பது காலியான கணக்கு. பயத்துக்கு மனசைத் திடப்படுத்திக்கொள்ளலாம். காலிக் கணக்குக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

ஏற்பாடு இல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் ஃபண்டு கம்பெனி அபராதம் போடாது. ஆனால் தவணையைப் பிடித்துக்கொள்ள வங்கிக்கு நாம் கொடுத்த அனுமதி, அதாவது மேன்டேட், பணமில்லாமல் திரும்பியதற்கு வங்கி அபராதம் பிடித்துவிடும், ஜிஎஸ்டியோடு. அடுத்த முறை கணக்கில் விழுகிற பணத்தில் முதல் வேலையாக அதை எடுத்துக்கொள்ளும். தொடர்ந்து மூன்று மாதத் தவணை திரும்பினால் எஸ்ஐபி தானாகவே ரத்தாகிவிடும். ஏப்ரல், மே, ஜூன் — தடைக்காலத்தை எண்ணிப் பாருங்கள், சரியாக மூன்று. ஜூலையில் பாடு நன்றாக இருந்து கணக்கில் பணம் வந்தும், 'ஏன் இந்த மாதம் பிடிக்கவில்லை' என்று ஆகஸ்டில் வந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆப்பில் எஸ்ஐபியின் நிலையைத் திறந்து பார்த்தால் ரத்தானது தெரியும். குறுஞ்செய்தி வந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நான்காவது வழியாகச் சிலர் சொல்வது, தடைக்காலத்துக்கு முன்பே நிறுத்தி வைப்பது, அதாவது 'பாஸ்' செய்வது. பெரும்பாலான ஃபண்டு கம்பெனிகளில் இந்த வசதி உண்டு. தவணை நாளுக்குச் சில நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். வங்கி அபராதம் தப்பும், எஸ்ஐபியும் ரத்தாகாது. விட்ட 15,000-ஐ ஜூலையில் சேர்த்துப் போட்டால் போச்சு என்பார்கள். 2023-இல் ஏப்ரல், மே, ஜூன் தவணைகளை நிறுத்தி ஜூலைக் கடைசியில் மொத்தமாகப் போட்டிருந்தால் டிசம்பரில் சுமார் 1,040 ரூபாய் குறைந்திருக்கும். 2020-இல் அதே மூன்று மாதத்துக்கு அது 2,200-ஐத் தாண்டும். இது பெரிய நட்டம் என்று சொல்ல மாட்டேன். ஜூலையில் சந்தை விழுகிற ஆண்டில் நிறுத்தி வைத்தவருக்கு லாபமாகக்கூட முடியும். சந்தைக்கு நம் தடைக்காலம் தெரியாது. என் தயக்கம் வேறு: ஜூலையில் அந்த 15,000 உண்மையில் போகுமா? வலைக்கடன், டீசல் பாக்கி, பள்ளிக் கட்டணம் எல்லாம் அதே ஜூலையில்தான் வாசலில் நிற்கும். நான் கணக்கு எழுதுகிற வீடுகளில், 'அப்புறம் சேர்த்துப் போடலாம்' என்ற பணம் போய்ச் சேர்ந்ததைவிடப் போகாததுதான் அதிகம்.

கடன் வாங்கித் தவணை கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ரெண்டு வட்டிக்கு 10,000 வாங்கினால் மூன்று மாதத்தில் 600 ரூபாய் வட்டி, நூற்றுக்கு ஆறு. 2020 போன்ற ஆண்டிலேயே சராசரியால் கிடைத்தது ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். ஆகவே கந்துக்காரரிடம் வாங்கி எஸ்ஐபியைக் காப்பாற்றுவது அர்த்தமில்லாத வேலை. ஏற்கெனவே அந்த வட்டிக்குக் கடன் இருந்தால், எஸ்ஐபியை விட்டுவிட்டுக் கடனை அடையுங்கள்; வருடத்துக்கு நூற்றுக்கு 24 மிச்சம், வரியும் கிடையாது.

இப்போது அக்காவின் 60,000-க்கு வருவோம். மொத்தமாக ஜூலையிலேயே போடலாம். எண்கள் பெரும்பாலும் அதன் பக்கம்தான். ஆனால் அவர் வீட்டில் வேறு பங்கு முதலீடு இல்லை, இதுதான் முதல் முறை. முதல் மூன்று மாதத்தில் அறுபது நாற்பத்தைந்தாகிப் போனால், வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று அவருக்கே தெரியும். எடுத்துவிடச் சொல்வார். எடுத்தால் அந்த நட்டம் நிஜமாகிவிடும். அதனால் நான் சொன்னது ஐந்தாவது வழி.

60,000-ஐயும் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணத்தை வைக்கும் ஒரு லிக்விட் ஃபண்டில் போட்டுவிட்டு, அங்கிருந்து மாதம் 5,000 இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாறும்படி எஸ்டிபி வைப்பது. இரண்டு ஃபண்டும் ஒரே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். இது ஒன்றுதான் முக்கிய நிபந்தனை. லிக்விட் ஃபண்டில் போட்ட முதல் ஆறு நாட்களுக்குள் எடுத்தால் சிறு கட்டணம் உண்டு. ஏழாம் நாளிலிருந்து இல்லை. அதனால் முதல் மாற்றத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தால் போதும். ஜூலையில் தொடங்கினால் பன்னிரண்டாவது தவணை ஜூனில் முடியும். ஏப்ரல், மே, ஜூன் தவணைக்கான பணம் ஜூலையிலேயே உள்ளே இருக்கிறது. வங்கிக் கணக்கு காலியாக இருந்தாலும் தவணை போகும். வங்கி மேன்டேட்டே இதில் இல்லை, ஆகவே திரும்புவதற்கும் அபராதத்துக்கும் இடமில்லை.

அடுத்த ஆண்டுக்கும் இதே பாதை பொருந்தும், கொஞ்சம் மாற்றத்தோடு. விசைப்படகு கணக்கில் மாதாமாதம் ஒரே தொகை நிற்காது. ஒரு வாரம் ஐந்தாயிரம், அடுத்த வாரம் ஸ்டிரைக், ஒன்றுமில்லை. நவம்பர், டிசம்பரில் காற்றும் மழையும் வேறு. ஆகவே நிற்கிற பணத்தை நிற்கிற அன்றே, எவ்வளவாக இருந்தாலும், லிக்விட் ஃபண்டில் போட்டுக்கொண்டே இருப்பது; எஸ்டிபி அதன் பாட்டுக்கு 5,000 எடுத்துக்கொண்டு போகும். ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதத்தில் தவணையோடு சேர்த்து மாதத்துக்குச் சராசரியாக 6,667 ரூபாய் உள்ளே போனால், மார்ச் கடைசியில் 15,000 மீதி இருக்கும். அது தடைக்கால மூன்று தவணைக்குச் சரி. ஒன்பது மாதத்தில் 6,667 முடியாத வீடு, தவணையையே 4,000 அல்லது 3,000 ஆக்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மாதமும் போகிற 3,000, ஒன்பது மாதம் மட்டும் போகிற 5,000-ஐவிட நல்லது என்று நான் சொல்வேன். கணக்குப்படி இது எல்லா ஆண்டும் உண்மையாக வராது. விழும் மாதத்தை விடாமல் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் இதுதான் வழி.

இதில் குறைகளும் உண்டு. ஒவ்வொரு முறை மாறும்போதும் லிக்விட் ஃபண்டில் விற்றதாகக் கணக்கு; அதில் வந்த சிறு லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக் கணக்கில் வரும். தொகை சின்னது, ஆனாலும் ஆடிட்டரிடம் கொடுக்கும் தாளில் இருக்க வேண்டும். இன்னொன்று, லிக்விட் ஃபண்டில் இருக்கும் பணத்தைச் சுலபமாக எடுக்கலாம். அடுத்த வேலை நாளில் வங்கிக்கு வந்துவிடும், சில ஃபண்டுகளில் 50,000 ரூபாய் வரை உடனேயே. படகு வேலை நடக்கும்போது இந்தச் சுலபமே ஆபத்து. அதனால் படகு செலவுக்கான பணத்தை இதோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் வைக்கச் சொன்னேன். இஞ்சின் மாற்ற இரண்டு மூன்று வருடத்தில் தேவைப்படும் பணத்துக்குத் வங்கி ஆர்டியே போதும்; அதைப் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுவரவே கூடாது.

அக்கா அப்புறம் கேட்டது நல்ல கேள்வி: "பத்து வருசமும் இப்படியே சராசரி ஆகிக்கிட்டே இருக்குமா?" இருக்காது. 2020 அட்டவணையில் ஜனவரி, பிப்ரவரி முடிந்தபோது வாங்கு விலை 115.69. மார்ச் தவணை ஒன்றே அதை 103.74-க்கு இறக்கியது, பன்னிரண்டு ரூபாய். இதையே ஐந்து வருடம் கழித்துப் பாருங்கள். 60 தவணை கட்டி 3,00,000 ரூபாய் போயிருக்கிறது, வாங்கு விலை 150, கையில் 2,000 யூனிட் என்று வைப்போம். விலை திடீரென்று 120-க்கு விழுகிறது. அந்த மாதத் தவணை 5,000-க்கு 41.67 யூனிட் கிடைக்கும். புதிய வாங்கு விலை 149.39. அறுபத்தொரு காசு! ஆனால் கையில் இருக்கும் 2,000 யூனிட்டின் மதிப்பு, விலை 150-இல் நின்றிருந்தால் இருக்க வேண்டியதைவிட 60,000 ரூபாய் குறைந்துவிட்டது. சேர்ந்த பணம் பெரிதாகிவிட்டால் புதுத் தவணையால் அதை அசைக்க முடியாது. அப்போது நீங்கள் நடைமுறையில் மொத்தமாகப் போட்டவர் மாதிரிதான் நிற்கிறீர்கள்.

ஆகவே எஸ்ஐபியின் சராசரி முதல் சில வருடங்களுக்குத்தான் மெய்யான பாதுகாப்பு. அதன்பின் பாதுகாப்பு வேறு இடத்திலிருந்து வர வேண்டும்: மகளின் கல்லூரிக்கு மூன்று வருடம் இருக்கும்போதே, அந்தச் செலவுக்கு வேண்டிய தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாக வங்கி எஃப்டிக்கு மாற்றத் தொடங்குவது. எடுக்கும்போது முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டில் வரும் லாபம் நிதியாண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஒரு வருடம் தனித்தனியாக ஓடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; போன மாதம் போட்ட 5,000 பழைய பணம் ஆகிவிடாது. வருடத்துக்கு ஒரு பகுதியாக எடுத்தால் பெரும்பாலும் வரியே வராமல் முடித்துக்கொள்ளலாம்.

தேதியைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள், 5-ஆம் தேதியா 25-ஆம் தேதியா என்று. நீண்ட காலத்தில் அதனால் பெரிய வித்தியாசம் வராது. வாரா வாரம் போடுவதும் அப்படித்தான். தாளில் வரிகள்தான் கூடும். எஸ்டிபி என்றால் எந்தத் தேதியும் சரி. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பிடிக்கும் எஸ்ஐபி என்றால், கீழக்கரையில் வளைகுடாப் பணம் மாதம் 5-ஆம் தேதிக்குள் வந்துவிடும் வீட்டுக்கு 7 அல்லது 10 வசதி. அந்த வீடுகளுக்கு மேலே சொன்ன லிக்விட் ஃபண்டு சுற்றல் எதுவும் தேவையில்லை. மாதம் வரும் பணத்தை மாதம் போடுகிறார்கள், மொத்தமா தவணையா என்ற கேள்வியே அவர்களுக்கு எழாது. நிறுத்தாமல் இருப்பது ஒன்றுதான் அவர்கள் வேலை.

தங்கச்சிமடம் அக்கா 60,000-ஐ லிக்விட் ஃபண்டில் போட்டுவிட்டார். எஸ்டிபி தேதி 12 என்று வைத்திருக்கிறார், ஜூன் வரைக்கும். ஜனவரியில் ஒரு முறை மீதியைப் பார்த்து, ஜூனுக்குப் பிறகும் ஓட எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.